மூணு மாசம் பதினோரு நாள்: ரெண்டு வட்டிக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

2024 மார்ச் 12 அன்று என் அண்ணன் கடைச் சரக்குக்காக 80,000 ரூபாய் கடன் வாங்கினார். ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, அசலையும் வட்டியையும் எடுத்துக்கொண்டு நானும் அவரும் வட்டிக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் நோட்டைப் புரட்டி, "நாலு மாசம், 6,400" என்றார். அண்ணன் சட்டைப்பையில் நான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது 5,387. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வட்டி விகிதத்தை மட்டும் பேசி முடித்துவிட்டு, மாசம் நிறையாமல் நிற்கும் நாட்களை எப்படிக் கணக்குப் பண்ணுவது என்று யாரும் பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மாச வட்டி 1,600 ரூபாய் என்பதில் தகராறே கிடையாது. மார்ச் 12-லிருந்து ஜூன் 12 வரை மூணு மாசம், 4,800 என்பதிலும் கிடையாது. மிச்சமிருக்கும் பதினோரு நாளுக்குத்தான் ஊரில் மூணு விதமான கணக்கு ஓடுகிறது.

முதலாவது முழு மாசக் கணக்கு. மாசம் பிறந்துவிட்டால் ஒரு நாளானாலும் முழு வட்டி. வட்டிக்காரர் சொன்னது இதுதான். "இடையில் வரும் பணத்தை உடனே யாருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் தம்பி, அது சும்மாதானே கிடக்கும்" என்பது அவர் பக்கத்து நியாயம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வாங்கியவர் பக்கம் என்ன ஆகிறது என்று பாருங்கள். பதினோரு நாளுக்கு 1,600 ரூபாய் என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் அது ஏறக்குறைய ஐந்தரை வட்டி. மூணு மாசம் பதினோரு நாளையும் சேர்த்துப் பார்த்தாலும், ரெண்டு வட்டி என்று பேசியது 2.38 வட்டியாக ஆகிவிடுகிறது. ரெண்டு வருஷம் ஓடும் கடனில் கடைசி மாசத்து உபரி பெரிதாகத் தெரியாது. ஒரு மாசம், ஒன்றரை மாசம் என்று வாங்கித் திருப்பும் சின்ன வியாபாரிக்குத்தான் இந்தக் கணக்கு இடிக்கும். கடன் எவ்வளவு குறுகியதோ, அடி அவ்வளவு பலம்.

இதோடு முதல் மாச வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். 80,000-க்குக் கையெழுத்துப் போட்டு 78,400 வாங்கி, பதினோராவது நாளே திருப்பிக் கொடுத்தாலும் பிடித்த 1,600 திரும்பி வராது.

இரண்டாவது அரை மாசக் கணக்கு. பதினைந்து நாள் வரை பாதி வட்டி, பதினாறாவது நாளிலிருந்து முழு வட்டி. எங்கள் கணக்கில் 4,800-ம் 800-ம் சேர்ந்து 5,600. நடுவில் நின்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்லிச் சமாதானம் பண்ணுவார்கள். இதில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். பதினைந்தாவது நாள் கட்டினால் நாள் கணக்கும் இதுவும் ஒன்றே, 800 ரூபாய். மறுநாள் காலையில் போனால் 1,600. நாட்காட்டியில் ஒரு தாள் கிழிவதற்கு 800 ரூபாய். இந்த வழக்கமுள்ள இடத்தில் கடன் வாங்கியிருந்தால் பதினைந்தாம் நாளை வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் கணக்கு. நான் துண்டுச்சீட்டில் போட்டது இது. மாச வட்டியை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 53 ரூபாய் 33 காசு. பதினோரு நாளுக்கு 587. மொத்தம் 5,387. என்னைக் கேட்டால் நியாயமான கணக்கு இதுதான். ஆனால் நாள் கணக்கு என்ற பெயரிலேயே இன்னொன்றும் உண்டு, அங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அதாவது, முடிந்த மாசங்களையும் உடைத்து, மார்ச் 12-லிருந்து ஜூன் 23 வரை மொத்த நாளையும் எண்ணினால் 103 நாள் வரும். அதை அப்படியே 53.33-ஆல் பெருக்கினால் 5,493. என் சீட்டைவிட 106 ரூபாய் கூடுதல். காரணம் எளிது. மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் 31 நாள். நாள் எண்ணும்போது 31 என்று எண்ணிவிட்டு, வகுக்கும்போது 30-ஆல் வகுக்கிறோம். இப்படியே ஒரு வருஷம் போனால் 365 நாளுக்கும் கட்டுகிறோம். பன்னிரண்டு மாசத்துக்கு மேலே ஐந்து நாள் வட்டி, இந்த அசலுக்கு 267 ரூபாய், சும்மா போகும். மொத்த நாளையும் எண்ணுவதாக இருந்தால் வருஷ வட்டியான 19,200-ஐ 365-ஆல் வகுக்க வேண்டும். அப்போது 103 நாளுக்கு 5,418 வரும், அது சரி. முடிந்த மாசத்தை மாசமாகவும், மிச்ச நாளை மட்டும் முப்பதில் ஒரு பங்காகவும் எடுப்பது இன்னும் சுலபம், மனக்கணக்காகவே போடலாம்.

நாளை எண்ணுவதிலும் ஒரு நாள் நழுவும். வாங்கிய நாள், கொடுத்த நாள் இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஜூன் 12-லிருந்து 23 வரை பன்னிரண்டு. ஒன்றை விட்டால் பதினொன்று. புரோநோட்டுக்கு உரிய சட்டமான 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டம், இத்தனை நாளில் கொடுப்பது என்று எழுதிய நோட்டில் எழுதிய தேதியை விட்டுத்தான் எண்ணச் சொல்கிறது. அதே சட்டம், மாசக் கெடுவுக்கு அடுத்த மாசத்தில் அதே தேதி வராவிட்டால் அந்த மாசக் கடைசி நாளோடு மாசம் முடிந்தது என்கிறது. ஜனவரி 31 வாங்கிய கடனுக்குப் பிப்ரவரி 28-லேயே ஒரு மாசம் நிறைந்துவிடும். மார்ச் 1 கட்டினால் ஒரு மாசமும் ஒரு நாளும். இவை கெடு தேதிக்குச் சொன்ன விதிகள், வட்டிக்கு என்று எழுதியவை அல்ல. இருந்தாலும் ரெண்டு பேரும் ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் மாதக் கணக்கில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. வருஷக் கணக்கில் வித்தியாசம் வராது, மாசம் எந்தத் தேதியில் நிறைகிறது என்பதுதான் மாறும்.

அன்றைக்கு அண்ணன் 5,600 கொடுத்தார். வட்டிக்காரர் அரை மாசத்துக்கு இறங்கி வந்தார். நாங்கள் 213 ரூபாய் ஏறிப் போனோம். புரோநோட்டை வாங்கி, அசலும் வட்டியும் தீர்ந்தது என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்தோம். நோட்டில் "நூற்றுக்கு மாதம் 1-க்கு ரூ. 2 வட்டி" என்று மட்டும்தான் இருந்தது. குறை மாசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முழு மாசக் கணக்குதான் என்று உறுதியாக நிற்கிறவரிடம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தேதியைப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்குப் பணம் மாசா மாசம் பத்தாம் தேதி வாக்கில் வரும் என்றால், கடனைப் பன்னிரண்டாம் தேதி வாங்குங்கள், ஐந்தாம் தேதி வேண்டாம். கெடு நாளைத் தாண்டிவிட்டால் அவசரப்பட்டு ஓடாதீர்கள், அந்த மாச வட்டி விழுந்தாயிற்று. அசலைக் கடையில் சுழற்றிவிட்டு அடுத்த கெடு நாளில் கொடுங்கள். எழுதும்போதே பேச முடிந்தால், வட்டி வரிக்குக் கீழே இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "மாதம் நிறையாத நாட்களுக்கு, நாள் ஒன்றுக்கு மாத வட்டியில் முப்பதில் ஒரு பங்கு, கடன் எழுதிய நாள் சேராது."