பெயர் பொருந்தாததால் நின்றுபோன பணம்: நான்கு ஆண்டு ஆன்லைன் ரம்மி அனுபவம்

2021 அக்டோபர் முதல் 2025 ஆகஸ்ட் வரை ஓர் ஆன்லைன் ரம்மி தளத்தில் பணம் கட்டி விளையாடினேன். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதும் அந்தத் தளம் மேசைகளை மூடியது. மிச்சமிருந்த பணத்தை எடுத்துக்கொள்ள மட்டும் வழி விட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் ஆட்டத்தைவிட அதிகமாக என்னைப் பாதித்தது பணம் எடுக்கும் பக்கத்தில் வந்த ஒரு வரி: Name mismatch.

முதல் ஒன்றரை ஆண்டு நான் பணம் எடுத்ததே இல்லை. நூறு, இருநூறு வென்றால் அதையே மறுபடி ஆடிவிடுவேன். பணம் கட்டியதெல்லாம் மனைவியின் யுபிஐ வழியாக. அவர் கைபேசியில்தான் அந்தச் செயலி இருந்தது. ஒருமுறைகூடத் தளம் தடுக்கவில்லை. யார் பெயரில் வந்தாலும் வாங்கிக்கொண்டது.

2023 ஜூனில் என் கணக்கில் 15,400 ரூபாய் இருந்தது. அந்த நிதியாண்டில் நான் கட்டியது 12,000. அதற்கு முந்தைய மார்ச் கடைசியில் இருப்பு பூஜ்யம். ஆக, நிகர வெற்றி 3,400. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் வந்த விதிப்படி நிகர வெற்றியில் 30 சதவீதம், அதாவது 1,020 ரூபாய் வரியாகப் பிடிப்பார்கள். மீதி 14,380 கைக்கு வரவேண்டும். மனைவியின் யுபிஐ முகவரியைக் கொடுத்துப் பணம் கேட்டேன். சில நிமிடங்களில் நிராகரித்துவிட்டார்கள்.

இந்த நிராகரிப்பில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் சொல்வேன். பிடித்த வரி என் பான் எண்ணில்தான் வரவாகும். பணம் வேறொருவர் கணக்குக்குப் போனால், திருட்டுப் பணத்தை ஒரு கணக்கில் கட்டி இன்னொரு கணக்கில் வெளுத்து எடுக்க அதுவே வழியாகிவிடும். கணவன், மனைவி என்றாலும் தளத்துக்கு அவர்கள் இருவேறு ஆட்கள். ஆனால் வாங்கும்போது பார்க்காத பெயரைக் கொடுக்கும்போது மட்டும் பார்ப்பது சரியல்ல. முதல் நூறு ரூபாய் கட்டிய அன்றே சொல்லியிருந்தால் அன்றே திருத்தியிருப்பேன்.

இரண்டாம் முறை என் சொந்த வங்கிக் கணக்கைக் கொடுத்தேன். அதுவும் நிராகரிப்பு. இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய சிக்கல் வருகிறது. என் பெயர் முருகன், அப்பா பெயர் கந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். இருபது ஆண்டுகளுக்கு முன் வங்கியில் K MURUGAN என்று எழுதிக் கொடுத்தேன். பான் விண்ணப்பத்திலோ கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுதவேண்டும். அதனால் பான் பதிவில் MURUGAN KANDASAMY ஆனேன். இரண்டும் நான்தான். ஆனால் சரிபார்ப்பது ஆள் அல்ல. தளம் நம் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பும். அதை வாங்கிக்கொண்ட வங்கி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று தன் பதிவில் உள்ளபடி திருப்பிச் சொல்லும். அந்தப் பெயரையும் பான் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு மென்பொருள் மதிப்பெண் போடும். எனக்குப் பொருந்தியது ஒரே ஒரு சொல். மதிப்பெண் போதவில்லை.

வங்கிப் பதிவில் நம் பெயர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நண்பர் ஒருவரிடம் உங்கள் யுபிஐ முகவரியைக் கொடுத்து, பணம் அனுப்பும் திரை வரை போகச் சொல்லுங்கள். 2025 ஜூன் இறுதிக்குப் பிறகு, அனுப்புவதற்கு முன் அந்தத் திரையில் வங்கிப் பதிவில் உள்ள பெயர்தான் தெரியவேண்டும் என்பது விதி. நாமே வைத்துக்கொண்ட செல்லப் பெயர் அங்கே வராது. கூட்டுக் கணக்கு என்றால் பெரும்பாலும் முதலில் இருப்பவர் பெயர்தான் திரும்பி வரும். என் நண்பர் ஒருவரின் கணக்கில் அம்மா பெயர் முதலில் இருந்ததால் அவருக்கும் இதே கதிதான்.

வாடிக்கையாளர் சேவையில் பாஸ்புக்கின் முதல் பக்கம் கேட்டார்கள். அனுப்பினேன். அதிலும் K MURUGAN தானே இருக்கும்? மறுநாள் அதே Name mismatch வந்தது. யோசித்துப் பார்த்ததில் ஆதார் நினைவுக்கு வந்தது. அதில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, முகவரியின் தொடக்கத்திலேயே S/O Kandasamy என்றும் இருக்கிறது. K என்பது கந்தசாமி என்று காட்டும் ஒரே அரசு ஆவணம் என்னிடம் அதுதான். ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, பான், பாஸ்புக் ஆகியவற்றோடு சேர்த்து, மூன்றும் ஒருவரே என்று நான்கு வரியில் எழுதி, இந்த முறை தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினேன். அப்போதிருந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் 24 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, 15 நாளில் முடிவு சொல்லவேண்டியிருந்தது. அரட்டைப் பெட்டியில் கெஞ்சுவதைவிட இது பலன் தந்தது. நான்காம் நாள் ஓர் ஆள் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்.

முதல் நிராகரிப்பிலிருந்து அதுவரை ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நடந்ததுதான் உண்மையான இழப்பு. நிராகரிக்கப்பட்ட பணம் தனியே பூட்டி வைக்கப்படுவதில்லை. அதே நொடியில் ஆட்ட இருப்புக்குத் திரும்பிவிடும். எடுக்கத் தீர்மானித்த பணம் மறுபடி மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்ததா என்று பார்க்கத் திறப்பேன், ஓர் ஆட்டம் ஆடுவேன். ஒப்புதல் வந்தபோது இருப்பு 9,800. கட்டியதைவிடக் குறைவு என்பதால் வரி பிடிக்கவில்லை. முழுத் தொகையும் வந்தது. பெயர் முதல்நாளே பொருந்தியிருந்தால் 14,380 வந்திருக்கும். வித்தியாசம் 4,580 ரூபாய். ஆடியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலுவையில் இருக்கும் தொகையை ஆட முடியாதபடி நிறுத்திவைக்கத் தளத்தால் முடியும். அதைச் செய்யாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரமே வங்கிக் கிளைக்குப் போய், பான் நகலும் ஆதார் நகலும் வைத்து எழுதிக்கொடுத்துப் பெயரை விரித்து மாற்றிக்கொண்டேன். அதன்பின் ஒருமுறைகூட நிராகரிப்பு இல்லை. 2025 ஆகஸ்டில் கடைசி இருப்பும் மறுநாளே வந்து சேர்ந்தது.

அதே Name mismatch என்ற வரியை அந்த ஆண்டு இறுதியில் வேறொரு திரையில் பார்த்தேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர், டெலிகிராம் வழியாகக் கிடைத்த ஒரு வெளிநாட்டுத் தளத்துக்கு மாறியிருந்தார். 38,000 ரூபாய் எடுக்கக் கேட்டதற்குப் பெயர் பொருந்தவில்லை என்றார்களாம். பெயரைத் திருத்த 3,800 கட்டச் சொன்னார்கள், கட்டினார். பிறகு 7,600 கேட்டார்கள். அப்போதுதான் என்னிடம் வந்தார். பான் கேட்டார்களா என்றேன். இல்லை. ஒரு ரூபாய் வந்ததா என்றேன். இல்லை. அப்படியென்றால் எந்தப் பெயரோடு எந்தப் பெயரை ஒப்பிட்டார்கள்? அவருடைய யுபிஐ வரலாற்றைத் திறந்து பார்த்தோம். அவர் பணம் கட்டிய ஐந்து முறையும் ஐந்து வெவ்வேறு தனி ஆட்களின் பெயர்கள், ஒன்றில்கூடத் தளத்தின் பெயர் இல்லை. உண்மையான சரிபார்ப்பில் ஆவணம் கேட்பார்கள், பணம் கேட்கமாட்டார்கள் என்று சொல்லி, அந்த 7,600 ஐக் கட்டவிடாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வைத்தேன். அந்த ஐந்து பெயர்களையும் பரிவர்த்தனை எண்களோடு cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்தோம். கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை.