பெயரெச்சத்தில் அழுத்துவதா, பெயர் வரும்வரை காத்திருப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து வரும் இளைஞர் அணிகளைத் தமிழ்ப் பொது அறிவுப் புதிர்ப்போட்டிகளுக்குப் பயிற்றுவித்து வருபவன் என்ற முறையில், பஸ்ஸரைப் பற்றி இரண்டு கட்சிகள் ஓயாமல் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். கேள்வி பாதியில் இருக்கும்போதே துணிந்து அழுத்தி, கிடைத்த துப்பை வைத்து ஊகித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது முதல் கட்சி. கேள்வியின் கடைசிச் சொல் காதில் விழும்வரை விரலை அடக்க வேண்டும் என்பது இரண்டாவது. எங்கள் வட்டாரப் போட்டிகளில் பெரும்பாலும் இரண்டு அணிகள் மோதும். சரியான விடைக்கு 10 புள்ளி உண்டு. கேள்வியை இடைமறித்துத் தவறாகச் சொன்னால் 5 புள்ளி கழிக்கப்படும். அதன்பின் கேள்வி முழுவதும் எதிரணிக்கு வாசிக்கப்படும். எதிரணி அப்போது தவறாகச் சொன்னாலும் அதற்குக் கழிவு இல்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1962-ல் தொடங்கிய யுனிவர்சிட்டி சேலஞ்ச் போட்டியிலும் இடைமறிக்கும் கேள்விக்கு இதே 10-ம் 5-மான கணக்குத்தான் என்பதால், இங்கே சொல்வது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

முதல் கட்சியினர் ஒரு கணக்கைச் சொல்வார்கள். மூன்று முறை ஊகித்து ஒரு முறை சரியாக இருந்தால் 10 வருகிறது, இரண்டு முறை தவறினால் 10 போகிறது; ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தாலே அழுத்துவது லாபம் என்பது அந்தக் கணக்கு. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அதில் எதிரணி என்று ஒன்று இருப்பதே சேர்க்கப்படவில்லை. நாம் தவறினால் நமக்கு 5 போவதோடு, போட்டியே இல்லாமல் முழுக் கேள்வியையும் கேட்டு 10 புள்ளியை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது. அதேபோல, காத்திருப்பதன் மதிப்பு எப்போதும் பூஜ்யம் அல்ல; காத்திருந்தால் அந்தக் கேள்வி யாருக்குப் போய்ச் சேரும் என்பதைப் பொறுத்து அது லாபமாகவும் இருக்கலாம், நட்டமாகவும் இருக்கலாம்.

ஒரு கேள்வியை வைத்தே இதைப் பார்க்கலாம். “மலேசியாவில் மரபுவழி ஆட்சியாளர் இருந்தும், அவருக்குச் சுல்தான் என்ற பட்டம் இல்லாத இரண்டு மாநிலங்களுள், பரப்பளவில் சிறியது எது?” இதில் ‘இரண்டு மாநிலங்களுள்’ என்ற இடம் வந்ததும், விவரம் தெரிந்தவருக்கு ராஜாவைக் கொண்ட பெர்லிஸும், யாங் டிபெர்துவான் பெசாரைக் கொண்ட நெகிரி செம்பிலானும் நினைவுக்கு வந்துவிடும். அந்த இடத்தில் அழுத்தினால் நம்பிக்கை சரிபாதி. தவறினாலோ, நமது தவறான விடையே எதிரணிக்குத் துப்பாகிவிடுகிறது. நாம் ஒன்றை நீக்கிக் கொடுத்துவிட்டபின் மிச்சம் இருப்பது ஒன்றுதான். ஆகவே சரியென்றால் 10 புள்ளி முன்னிலை, தவறென்றால் 15 புள்ளி பின்னடைவு. சராசரியாகப் பார்த்தால் இரண்டரைப் புள்ளி நட்டம். முதல் கட்சியின் கணக்கு இதே இடத்தில் இரண்டரைப் புள்ளி லாபம் என்று காட்டும்.

ஆனால் இந்த இரண்டரைப் புள்ளி நட்டத்தை எதனுடன் ஒப்பிடுவது? எதிரணியும் நாமும் சமபலம் என்றால், காத்திருப்பதன் மதிப்பு ஏறத்தாழ பூஜ்யம்; எனவே காத்திருப்பதே சரி. எதிரணி வலுவானது, இப்படிப்பட்ட கேள்விகள் பத்தில் ஏழை அவர்கள் முந்திப் பிடித்துவிடுவார்கள் என்றால், காத்திருப்பது சராசரியாக நான்கு புள்ளி நட்டம். இரண்டரை நட்டம் அதைவிடக் குறைவு என்பதால் சரிபாதி ஊகத்திலேயே அழுத்துவது நல்லது. நாமே வலுவான அணி என்றால் காத்திருப்பதுதான் நான்கு புள்ளி லாபம் தருகிறது. அப்போது பாதி நம்பிக்கையில் அழுத்துவது கையில் இருப்பதை வாரி இறைப்பதாகும். நடைமுறையில் நான் காண்பதோ நேர்மாறானது. கோப்பை வாங்கிப் பழகிய அணி தன் வேகத்தின் மேல் உள்ள மிதப்பில் அவசரப்பட்டு அழுத்துகிறது. புதிதாக வந்த தோட்டத்து அணி கழிவுப் புள்ளிக்கு அஞ்சிக் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக இழக்கிறது.

இத்துடன் நிறுத்தினால் விஷயம் பாதிதான், ஏனென்றால் தமிழில் கேட்கப்படும் கேள்விக்கு என்று ஒரு தனி ஆபத்து உண்டு. எங்கள் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மலாய்ப் புதிர்ப்போட்டிகளுக்கும் போகிறார்கள். அங்கே கேள்வி பெரும்பாலும் ‘சியாபாகா’ என்றோ ‘அபாகா’ என்றோ தொடங்கும். கேட்கப்படுவது ஆளா பொருளா என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழில் ‘யார்’, ‘எது’, ‘எந்த ஆண்டு’ என்பவை வழக்கமாகக் கேள்வியின் வாலில்தான் வரும். மலாய் மேடையில் பழகிய விரல் தமிழ் மேடையில் அதே வேகத்தில் இறங்கும்போது, ஆளைச் சரியாகக் கண்டுபிடித்தும் கேட்கப்படாத விடையைச் சொல்லிக் கழிவு வாங்குவது அடிக்கடி நடக்கிறது.

நான் பயிற்சியில் பயன்படுத்தும் ஒரு கேள்வி இது. “1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்திய காங்கிரஸான ம.இ.கா.வின் தேசியத் தலைவராக இருந்தவருமான ஒருவர், ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையிழந்த காலத்தில், அவர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக, 1960-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் என்ன?” எங்கள் ஊரில் முதல் துப்பு போதும், ‘சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும்’ என்றதுமே பாதி மண்டபம் துன் வீ.தி.சம்பந்தனை நினைத்துவிடும். அந்த இடத்தில் அழுத்திய பிள்ளைக்கு ஆளைப் பற்றிய நம்பிக்கை நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கலாம். ஆனால் கேள்வி ஆளைப் பற்றியதுதானா என்பதில் அவ்வளவு உறுதி இல்லை. இரண்டு உறுதிகளும் சேர்ந்தால்தான் விடை சரியாகும் என்பதால், ஒன்றை மற்றொன்றால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். ஆளைக் கேட்பதற்கான வாய்ப்பு பாதி என்றால், தொண்ணூறு நாற்பத்தைந்தாகக் குறைந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியில் காதைக் கொடுக்க வேண்டிய முதல் இடம் ‘ஒருவர்’ என்ற சொல். அது எழுவாயாக நிற்கிறது. அவர் ஏதோ செய்யப் போகிறார், கேட்கப்படுவது பெரும்பாலும் அவர் செய்ததைப் பற்றியதாகவே இருக்கும் என்று அது சொல்லிவிடுகிறது. ‘இருந்தவர்’ என்று முடிந்து ஒரு கணம் நின்றால் ‘யார்’ என்பது வரக்கூடும். ‘இருந்தவருமான ஒருவர்’ என்று குரல் இறங்காமல் ஓடினால் வராது. அடுத்த இடம் ‘துண்டாடப்பட்டு’. ஆளையும் இந்தச் சொல்லையும் சேர்த்தால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் என்று ஊகிக்கலாம். அறிந்து செய்யும் ஊகம் என்று நான் சொல்வது இதைத்தான். வலுவான எதிரணியிடம் ஆடும்போது இங்கேயே அழுத்தச் சொல்வேன். மூன்றாவது இடம் ‘தொடங்கிய’ என்ற பெயரெச்சம். பெயரெச்சம் வந்தால் அதன் பின்னால் ஒரு பெயர் வந்தே தீர வேண்டும், அந்தப் பெயர்தான் விடையின் இனத்தைச் சொல்லும். ‘தொடங்கிய கூட்டுறவு’ என்று அரைச் சொல் கேட்டாலே சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. ‘தொடங்கிய’ என்பதோடு அழுத்துவதற்கும் அடுத்த அரைச் சொல்லைக் கேட்டு அழுத்துவதற்கும் இடையே போகும் நேரம் அரை நொடிகூட இல்லை.

ஆகவே சமபலமான எதிரணியை வைத்துக்கொண்டு, பெயரெச்சத்தில் அழுத்துவது, அதை அடுத்த பெயரில் அழுத்துவது, வினாச்சொல்லில் அழுத்துவது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், நான் நடுவில் உள்ளதையே தேர்வேன். வினாச்சொல் வரும்வரை காத்திருப்பவர் தவறுவது அரிது. ஆனால் அவருக்கு அழுத்தக் கேள்வியும் மிஞ்சுவது அரிது, ஏனென்றால் நல்ல எதிரணி பெயரிலேயே அழுத்தியிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. சங்கத்தின் பெயர், அது தொடங்கிய ஆண்டு, அதன் தலைவர் என்று ஒரே பொருளைச் சுற்றிப் பல விடைகள் சாத்தியமாக இருக்கும்போது, பெயருக்குப் பின் வரும் வேற்றுமை உருபும் முக்கியமாகிறது. ‘கூட்டுறவுச் சங்கம்’ என்று நின்றால் ‘எது’ வரும். ‘சங்கத்தின்’ என்றால் பெயரும் வரலாம், வேறொன்றும் வரலாம். ‘சங்கத்தை’ என்றால் கேள்வி இன்னும் முடியவில்லை.

விரல் அழுத்தியபின் எங்கள் போட்டிகளில் 5 நொடி கொடுக்கிறார்கள். இதையும் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். விடை நாக்கு நுனிக்கு வந்தபின் அழுத்துவோர் உண்டு. விடை வந்துவிடும் என்று தெரிந்ததும் அழுத்தி, அந்த 5 நொடியில் அதை மேலே கொண்டுவருவோர் உண்டு. அனுபவசாலிக்கு இரண்டாவது முறையே மேல். ஆனால் ‘எனக்கு இது தெரியும்’ என்ற உணர்வும், ‘எதிரே இருப்பவன் தோள் அசைகிறது, முந்த வேண்டும்’ என்ற பதற்றமும் உள்ளே ஒரே மாதிரித்தான் தோன்றும். வேறுபாட்டை வெளியிலிருந்து கண்டுகொள்ளலாம்: அழுத்திய மூன்றாம் நொடியிலும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தால், அவன் அழுத்தியது பதற்றத்தில்தான். இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பயிற்சியில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் முன் இருந்த நம்பிக்கையை ‘உறுதி’, ‘பாதி’, ‘ஊகம்’ என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்கிறேன். சில வாரம் கழித்துக் கூட்டிப் பார்க்கும்போது, ‘உறுதி’ என்று குறித்தவற்றில் கணிசமானவை தவறாக இருந்தால், அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு சொல் காத்திருக்க வேண்டும். ‘ஊகம்’ என்று குறித்தவற்றில் பாதிக்கு மேல் சரியாக இருந்தால், அவன் தேவையில்லாமல் அஞ்சுகிறான்.

மேலே சொன்னவை எல்லாம் வாசிப்பின் இடையே பஸ்ஸர் திறந்திருக்கும் போட்டிக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவின் ஜெபர்டி போட்டியில், 1985 முதல், கேள்வியை வாசித்து முடிக்கும்வரை பஸ்ஸர் வேலை செய்யாது. முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். அங்கே போட்டி விளக்கைப் பார்த்து விரல் அசைப்பதிலும், வாசிப்பவரின் கடைசி அசையைக் கணிப்பதிலும் இருக்கிறதே தவிர, கேள்வியின் இலக்கணத்தில் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தால் சராசரிக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புள்ளிப் பலகையைத்தான் பார்க்க வேண்டும். 15 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி அழுத்தாமலே உட்கார்ந்திருந்தால், எதிரணி 10 எடுத்தாலும் 5 புள்ளியில் வென்றுவிடும். அதே அணி இடைமறித்துத் தவறினால் 5 போய், எதிரணிக்கு 10 சேர்ந்து, ஆட்டம் சமனாகிவிடும். முன்னிலை 10 என்றால் நிலைமை மாறும்: சும்மா இருந்தாலே சமனாகக்கூடும், தவறினால் தோற்கக்கூடும், ஆகையால் விடையின் இனம் தெரிந்து, உறுதியும் இருந்தால் மட்டும் அழுத்தலாம். 5 புள்ளி பின்தங்கிய அணிக்கு, எதிரணி முந்திவிடும் என்றால், காத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை. ‘சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும்’ என்ற இடத்தில் அழுத்தி, ஆளா சங்கமா என்று யோசித்து, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.