"தப்பா கூட அனுப்பிட்டேன், மீதிய திருப்பிப் போடுங்க"னு கேட்டா உடனே போடாதீங்க, என் பணம் போனது இப்படித்தான்

போன மாசம் என் பழைய கேமராவ செகண்ட் ஹேண்ட் ஆப்ல விக்கப் போட்டேன். கேமரா இன்னும் என் அலமாரிலதான் இருக்கு, பணம்தான் போயிடுச்சு. ஏமாந்த அப்புறம் அந்த சாட்ட முதல் மெசேஜ்லேர்ந்து திரும்பப் படிச்சேன், எல்லாமே அதுலயே இருந்திருக்கு. அதான் வரிசையா எழுதறேன்.

விளம்பரம் போட்டு பத்து நிமிஷம்கூட ஆகல, "அண்ணா இருக்கா? நானே எடுத்துக்கறேன், வேற யாருக்கும் குடுக்காதீங்க"னு வந்துச்சு. நிஜமா கேமரா வாங்க வர்றவங்க ஷட்டர் கவுன்ட் எவ்ளோ, லென்ஸ்ல பங்கஸ் இருக்கா, பில் இருக்கானு உயிர எடுப்பாங்க, இந்த ஆளு ஒண்ணுமே கேக்கல, பேரமும் பேசல. நான் அத நல்ல மனுஷன்னு எடுத்துக்கிட்டேன். அடுத்ததே "இந்த ஆப்ல எனக்கு மெசேஜ் சரியா வரமாட்டேங்குது, உங்க நம்பர் குடுங்கண்ணா". குடுத்தேன். பின்னாடி அந்த ஆளு வெளி சாட்ல தன் மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுட்டான், ஆப்காரங்ககிட்ட புகார் பண்ணப்போ அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது அந்த முதல் நாலு வரிதான். மீதி என்கிட்ட இருக்கறது நடுவுல எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

அப்புறம் "நான் வெளியூர்ல இருக்கேன், நாளைக்கு தம்பி வந்து வாங்கிப்பான், இப்ப 2,000 அட்வான்ஸ் போடறேன்"னான். ரெண்டு நிமிஷத்துல பேமென்ட் ஸ்கிரீன்ஷாட், அதுல 20,000. கூடவே "ஐயோ அண்ணா ஒரு சைபர் கூட அடிச்சுட்டேன், 18,000 திருப்பி அனுப்பிடுங்க, அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கேன், அந்தப் பணம்". என் போனுக்கு 20,000 வரவுன்னு எஸ்எம்எஸ்ஸும் வந்துச்சு. உடனே கால், கட் பண்ணா திரும்ப கால், விடாம அடிச்சுக்கிட்டே இருந்தான். அந்த கால் எதுக்குன்னா நம்ம பேங்க் ஆப்ப திறந்து பாக்க நேரம் கிடைக்கக் கூடாதுன்னுதான், இது எனக்கு அப்ப உறைக்கல. அவன் அழற மாதிரி பேசினதுல மனசு இளகி 18,000 போட்டுட்டேன். சாயங்காலம் பேங்க் ஆப்ல பாத்தா 20,000 வந்ததுக்கு வரியே இல்ல, 18,000 போனது மட்டும் இருக்கு. பேங்குக்கு போன் பண்ணேன், அதுக்குள்ள அந்தப் பக்கம் பணத்த எடுத்துட்டாங்க.

அந்த ஸ்கிரீன்ஷாட்ட இப்ப பெருசு பண்ணிப் பாத்தா வயிறு எரியுது. பணம் வாங்கினவர் பேர்னு நான் ஆப்ல வச்சிருக்கற செல்லப்பேர் இருக்கு. நிஜமா என் அக்கவுண்டுக்குப் போட்டிருந்தா பேங்க்ல இருக்கற முழுப்பேர்தான வந்திருக்கும்! அதவிட, பணம் அனுப்பின நேரம் 4:10னு போட்டிருக்கு, படத்தோட மேல ஓரத்துல அவன் போன் கடிகாரம் 3:52 காட்டுது. எஸ்எம்எஸ்ஸும் பேங்க் பேர்ல வராம சாதா மொபைல் நம்பர்லேர்ந்து வந்திருக்கு. ஆனா இதெல்லாம் சரியா இருந்தாலும் நம்பிடாதீங்க, ஏன்னா பேங்க் பேர்லயே போலியா எஸ்எம்எஸ் அனுப்ப முடியும், அது போன்ல பழைய பேங்க் மெசேஜுக்குக் கீழயே வந்து உட்காந்துக்கும். நீங்களே ஆப்ப திறந்து கணக்குல அந்த வரவு வரி இருக்கான்னு பாக்கறது ஒண்ணுதான் வழி.

சரி, நிஜமாவே கூட வந்திருந்தா? அப்பவும் நீங்களா திருப்பி அனுப்பாதீங்க. அது வேற யார்கிட்டயோ திருடின பணமா இருக்கலாம், அவங்க புகார் குடுத்தா உங்க அக்கவுண்ட முடக்கிடுவாங்க, நீங்க அனுப்பினது தனியா போயிருக்கும். செக்கா இருந்தா இன்னும் மோசம், கணக்குல ஏறின மாதிரி காட்டிட்டு நாள் கழிச்சு பவுன்ஸ் ஆகும். தப்பா அனுப்பினவங்க அவங்க பேங்க்ல சொல்லட்டும், நீங்க உங்க பேங்க்ல சொல்லிடுங்க, திருப்பற வேலைய அவங்க பாத்துப்பாங்க.

வாங்கற பக்கமும் இதே கதைதான், "நாலு பேர் கேக்கறாங்க, கொஞ்சம் அட்வான்ஸ் போட்டா உங்களுக்கே எடுத்து வைக்கறேன்"னு வரும். பொருள நேர்ல பாக்காம போடாதீங்க.

நேத்து என் தங்கச்சி அவ சைக்கிள விக்கப் போட்டா. "அக்கா இருக்கா, நானே எடுத்துக்கறேன், வேற யாருக்கும் குடுக்காதீங்க"னு முதல் மெசேஜ், அப்படியே அதே வார்த்தை. மதியம் ஸ்கிரீன்ஷாட், கூட வந்துடுச்சுன்னு அழுகை. அவ பேங்க் ஆப்ப திறந்து பாத்துட்டு, "எனக்கு எதுவும் வரல, உங்க பேங்க்லயே சொல்லி எடுத்துக்கோங்க"னு அடிச்சா. ரெண்டு நிமிஷம் "டைப்பிங்"னு காட்டுச்சு, அப்புறம் அவள பிளாக் பண்ணிட்டான்.