புரோநோட்டு கைமாறினால் உங்கள் புகார் செல்லாமல் போகலாம்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

ஒரு இயந்திரத்தைக் கடனுக்கு வாங்கி, 90 நாளில் பணம் தருவதாக விற்பவருக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தேன். வந்த இயந்திரம் ஓடவில்லை. பிரித்துப் பார்த்தால், பழைய இயந்திரத்துக்கு வர்ணம் பூசி, எண் தகட்டையும் மாற்றியிருந்தார்கள். பணம் தர மாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை.

அப்புறம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. என் புரோநோட்டின் பின்பக்கத்தில் விற்றவர், "இவருக்கோ இவர் ஆணைப்படியோ செலுத்துக" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்திருந்தார். சரக்கு மோசம் என்றேன். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு, எனக்கு என் பணம் வேண்டும் என்றார்.

சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் என்பது பலருக்குத் தெரியாது. சாதாரணக் கடனை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அதிலுள்ள வில்லங்கமும் கூடவே போகும். புரோநோட்டில் அப்படியில்லை. மதிப்புக் கொடுத்து, கெடு முடிவதற்குள், குறை இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லாமல் வாங்கியவரை ஹோல்டர் இன் டியூ கோர்ஸ் என்கிறார்கள். விற்றவருக்கே இல்லாத வலுவான உரிமை அவருக்குக் கிடைத்துவிடும். சரக்கு சரியில்லை என்ற வாதம் விற்றவரிடம் செல்லும், இவரிடம் செல்லாது.

எனக்கு வழி திறந்தது வேறு இடத்தில். நோட்டை வைத்திருப்பவர் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நோட்டே மோசடியால் வாங்கப்பட்டது என்று காட்டிவிட்டால், நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். இந்தியாவின் 1881 நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தில் 118ஆம் பிரிவும் இங்கிலாந்தின் 1882 பில்ஸ் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் சட்டத்தில் 30ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. புதியது என்று விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீதும் மாற்றப்பட்ட எண் தகட்டின் படங்களும் என்னிடம் இருந்தன. எப்போது, எவ்வளவு கொடுத்து நோட்டை வாங்கினீர்கள் என்று என் வக்கீல் கேட்டார். பின்பக்கத் தேதி கெடுவுக்கு முந்தையது. வங்கிக் கணக்கிலோ அவர் விற்றவருக்குக் கொடுத்த பணம் கெடு தாண்டித்தான் போயிருந்தது. கெடு முடிந்தபின் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு இருந்த உரிமைக்கு மேல் கிடைக்காது. அவர் கோரிக்கையைக் கைவிட்டார். வக்கீல் செலவு முழுக்க என்னுடையது, விற்றவர் இன்னும் பிடிபடவில்லை. பணம் கெடுவுக்கு முன்பே போயிருந்தால் என் நிலைமை வேறு.

அதனால், சரக்கைச் சோதிக்கும் முன் புரோநோட்டு தராதீர்கள். தரத்தான் வேண்டுமென்றால், விற்பவர் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அப்போதும் அவர் அதை மாற்றிக் கொடுக்கலாம். "இதைப் பிறருக்கு மாற்றித் தரக்கூடாது" என்று நோட்டிலேயே தெளிவாக எழுதுங்கள். பணம் கட்டும்போது நோட்டு உங்கள் கண்முன் இருக்கட்டும். பாதி கட்டினால் அதை நோட்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள், முழுதும் கட்டினால் நோட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள். அது வேறொருவர் கையில் இருந்தால், விற்றவரிடம் கட்டிய பணத்தை மறுபடியும் கட்ட நேரிடலாம்.