அறிகுறி வந்த நாள் பூஜ்யம்: ஊரில் ஒரு பொங்கல் கணக்கு

2022 ஜனவரி 10, திங்கட்கிழமை. இரவு ஒன்பது மணிக்குத் தொண்டை கரகரத்தது. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர். நியூ ஜெர்சியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மார்கழிப் பனி என்று நினைத்துக் கொண்டு மிளகுக் கஷாயம் குடித்துப் படுத்தேன். மறுநாள் காய்ச்சல், 101. புதன் காலை ஆய்வகப் பையன் வீட்டுக்கே வந்து எனக்கும் மனைவிக்கும் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்துப் போனான். அவளுக்கு அப்போது ஒரு தொந்தரவும் இல்லை. அறிக்கை பொங்கலன்று காலை, பானை பொங்கிக் கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்தது. இருவருக்கும் கொரோனா பாசிட்டிவ்.

விமானம் 18ஆம் தேதி. அதனால் அறிக்கையைப் பார்த்ததும், தனிமை என்றைக்கு முடியும் என்று எல்லாரும் விரலை மடக்க ஆரம்பித்தார்கள்.

சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே முடித்துவிட்டார். "திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு... ஞாயிறோட ஏழு. காணும் பொங்கல் முடிஞ்சதும் வெளியே வந்துடலாம்." நம்மூர்க் கணக்கு அப்படித்தான். கொடியேற்றும் நாள்தான் முதல் திருநாள். இறந்த நாளையும் சேர்த்துத்தான் பதினாறாம் நாள். தொடங்கும் நாளை விட்டுவிட்டு எண்ணுவது என்பது நமக்குப் பழக்கமில்லாத வேலை.

எனக்குத் தெரிந்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கு. அறிகுறி தொடங்கிய நாள் பூஜ்யம், அடுத்த முழு நாள்தான் ஒன்று. 2021 டிசம்பர் கடைசியில்தான் தனிமையைப் பத்து நாளிலிருந்து ஐந்தாகக் குறைத்திருந்தார்கள். அதன்படி 10 பூஜ்யம், 11 ஒன்று, 15 ஐந்து. மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல், மற்ற அறிகுறிகளும் குறைந்திருந்தால், 16ஆம் தேதி ஞாயிறன்று அறையை விட்டு வெளியே வரலாம்; பத்தாம் நாளான 20 முடியும் வரை மற்றவர் நடுவில் முகக்கவசம். சித்தப்பா சொன்ன ஞாயிறும் என் ஞாயிறும் ஒன்றாக வந்து நின்றது தற்செயல். அவர் ஏழு நாளை ஒன்றிலிருந்து எண்ணினார், நான் ஐந்து நாளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினேன். அவருடைய ஞாயிறு அடைபட்டிருக்க வேண்டிய கடைசி நாள், என்னுடையது வெளியே வரும் முதல் நாள். அவருக்கு இதைச் சொன்னபோது, "அமெரிக்கால ஒண்ணுக்கு முன்னாடியும் ஒரு நாள் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது, காரணத்தோடு. எனக்குத் தொண்டை கரகரத்தது இரவு ஒன்பதுக்கு. அதை ஒன்றாம் நாள் என்று வைத்தால், மூன்றே மணி நேரத்தில் ஒரு நாள் கழிந்துவிடுகிறது. இன்னொருவருக்கு அதே நாள் விடிகாலை ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் அவருக்கு அந்த ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் கிடைக்கிறது. எந்த மணியில் தொடங்கியது என்று யாரும் துல்லியமாகச் சொல்லப் போவதில்லை. அதனால் அந்தத் துண்டு நாளையே கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, முழு நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள். யாருக்கும் ஐந்து முழு நாளுக்குக் குறைவாக அமையாது.

அன்று மதியம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். ஊரில் நான் சந்தித்த சேவைகளிலேயே மிகவும் உருப்படியானது இந்த அழைப்புதான். முதல் கேள்வி: "முதல்ல என்ன வந்தது சார், எப்போ?" நான் செவ்வாய், காய்ச்சல் என்றேன். "அதுக்கு முன்னாடி தொண்டை, உடம்பு வலி, எதுவும் இல்லையா?" அப்போதுதான் திங்கள் இரவு நினைவுக்கு வந்தது. "அப்போ திங்கள்தான் தொடக்கம். காய்ச்சல் வந்த நாள் இல்லை, முதல் தொந்தரவு வந்த நாள்" என்றார். பலரும் வழுக்குவது இங்கேதான். காய்ச்சலைத்தான் நோய் என்று நினைக்கிறோம். கரகரப்பைப் பனி மேல் போட்டுவிடுகிறோம்.

அடுத்து, சனிக்கிழமையிலிருந்து யார் யாரைப் பார்த்தேன் என்று கேட்டார். அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும் என்பதால், பூஜ்யத்திலிருந்து பின்னோக்கியும் இரண்டு நாள் எண்ண வேண்டும். 10க்கு இரண்டு நாள் முன் 8. சனிக்கிழமை பெரியப்பா வீட்டில் சாப்பிட்டிருந்தேன். ஞாயிறு தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு, ஒருவரையும் பார்க்கவில்லை. நான் தொடக்கத்தைச் செவ்வாய் என்றே விட்டிருந்தால், கணக்கு ஞாயிறோடு நின்று பெரியப்பா பட்டியலிலேயே வந்திருக்க மாட்டார்.

நான் பூஜ்யக் கணக்கைத் தயங்கித் தயங்கி விளக்கப் போக, அவர் சிரித்தார். "நாய்க்கடி ஊசிக்கு நாங்க தினம் எழுதுறதுதான் சார். பூஜ்யம், மூணு, ஏழு, இருபத்தெட்டு." அந்த அட்டையில் பூஜ்யம் முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் இல்லை. எதைப் பூஜ்யமாக வைப்பது என்பதை ஒவ்வொரு விதியும் தனித்தனியாகச் சொல்லும் என்பது அவருக்குக் கைப்பழக்கம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. அந்த மாதம் 5ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வீட்டுத் தனிமை விதியில், கணக்கு அறிகுறியிலிருந்து தொடங்குவதில்லை. பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் கழிய வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. பாசிட்டிவ் ஆன நாள் எது? மாதிரி எடுத்தது 12, அறிக்கை தயாரானது 13 நள்ளிரவு நெருக்கத்தில், நான் பார்த்தது 14. நர்ஸம்மா மாதிரி எடுத்த நாளை வைத்து "19 முடியட்டும்" என்றார். தெருக்கோடி மருத்துவர் அறிக்கைத் தேதியை வைத்து 20 என்றார். அறிக்கையில் மாதிரி எடுத்த நாள், ஆய்வகத்துக்கு வந்த நாள், முடிவு சொன்ன நாள் என்று மூன்று தேதிகள் அச்சாகியிருக்கும். பெரிய எழுத்தில் கண்ணில் படுவது கடைசித் தேதிதான், குழப்பமும் அங்கிருந்துதான். ஊரில் இருக்கும்வரை ஊர் விதி என்று நான் 20 வரை மாடியறையிலேயே இருந்துவிட்டேன். காய்ச்சல் 14 இரவோடு நின்றுவிட்டதால் மூன்று நாள் நிபந்தனை 17லேயே தீர்ந்திருந்தது.

இனி மனைவி. அறிகுறி இல்லாமல் பாசிட்டிவ் ஆனவருக்கு அமெரிக்கக் கணக்கில் பரிசோதனை செய்த நாள் பூஜ்யம்: 12. ஐந்தாம் நாள் 17, பத்தாம் நாள் 22. அதை வைத்து விமானத்தை 24க்கு மாற்றிப் பணமும் கட்டிவிட்டேன். 15ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, அவளுக்குத் தொண்டை வலி தொடங்கியது. அங்கே எழுதிய கணக்கெல்லாம் அழிந்தது. பரிசோதனைக்குப் பின் பத்து நாளுக்குள் அறிகுறி வந்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். புதிய பூஜ்யம் 15, ஐந்து 20, பத்து 25.

பத்து ஏன் முக்கியம் என்றால், பத்து முழு நாள் முடியும் வரை பயணம் வேண்டாம் என்பதுதான் சிடிசியின் அறிவுரை. டிக்கெட் முகவர், "25 ராத்திரி விமானம் இருக்கு சார், நள்ளிரவு தாண்டித்தானே கிளம்புது, தேதி 26 ஆயிடும்" என்றார். டிக்கெட்டில் 26தான். ஆனால் வரிசையில் நிற்பது 25 இரவு பதினோரு மணிக்கு. அதற்கு முன் ஊரிலிருந்து சென்னைக்கு ஆறேழு மணி நேரம் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் டிரைவரோடு. அதெல்லாம் பத்தாம் நாளுக்குள். பயணம் வாசற்படி தாண்டும்போதே தொடங்குகிறது. போர்டிங் பாஸில் உள்ள தேதி டிரைவருக்கு உதவாது. 26 காலை கிளம்பி 27 அதிகாலை விமானம் என்று இரண்டாம் முறை மாற்றினேன். இரண்டு மாற்றத்துக்கும் சேர்த்துக் கட்டியதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் காகிதம். அப்போது அமெரிக்காவுக்கு விமானம் ஏற, கிளம்புவதற்கு ஒரு நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் அறிக்கை வேண்டும். குணமான பிறகும் ஆர்டி பிசிஆர் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால் அந்த வழி எங்களுக்கு ஆகாது. மாற்று வழி இருந்தது: 90 நாளுக்குள் எடுத்த பாசிட்டிவ் அறிக்கை, கூடவே பயணம் செய்யலாம் என்று மருத்துவர் கொடுக்கும் கடிதம். சொந்தங்கள் "ஒரு நெகட்டிவ் எடுத்துக் காட்டிடேன்" என்று நச்சரித்தார்கள். தனிமையை முடிக்க மறுபரிசோதனை தேவையில்லை என்று நம் அரசு விதியிலேயே இருந்தது.

மருத்துவர் எழுதிய முதல் கடிதத்தில் "பூரண குணம், ஏழு நாள் தனிமை முடிந்தது" என்று மட்டும் இருந்தது. பயணம் என்ற சொல்லே இல்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி, விமானப் பயணத்துக்குத் தகுதி என்ற வரி, கையெழுத்து, தேதி என்று மறுபடி கேட்டு வாங்கினேன். ஆய்வக அறிக்கையில் என் பெயருக்கு முன் ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். வயது என்று வெறும் 44. அதையும் திருத்தித் தரச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் இழுத்தார்கள்.

தேதியிலும் ஒரு குழி உண்டு. அறிக்கையில் 12/01/2022 என்று இருந்தது. நமக்கு அது ஜனவரி 12. அமெரிக்கக் கண்ணுக்கு அது டிசம்பர் 1, அதாவது இன்னும் வராத ஒரு நாள். கடிதத்தில் மாதத்தை எழுத்தில் போடச் சொன்னேன். அறிகுறி தொடங்கிய நாள், பரிசோதனை நாள் இரண்டையும் தனித்தனி வரியில். சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண் அந்த இரண்டு வரியையும், கடிதத்தின் கையெழுத்தையும் பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டினார்.

இந்த ஐந்து நாள் விதியே இப்போது இல்லை. 2024 மார்ச்சில் சிடிசி அதை எடுத்துவிட்டு, 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் உடம்பு தேறி வந்தால் வெளியே வரலாம், அதன்பின் ஐந்து நாள் எச்சரிக்கையாக இருங்கள் என்று மாற்றிவிட்டது.

நாங்கள் நியூ ஜெர்சி வந்து சேர்ந்த நாலாம் நாள் அம்மா கூப்பிட்டாள். சித்தப்பாவுக்கு முந்தின நாள் ராத்திரி இருமல் தொடங்கிவிட்டதாம். தினசரிக் காலண்டர் முன்னால் பேனாவோடு நின்றுகொண்டு கேட்டாள்: "இன்னிக்கு ஒண்ணா, பூஜ்யமா?"

"நேத்து பூஜ்யம்மா. இன்னிக்கு ஒண்ணு."

"அவர் ரெண்டுங்கிறார்" என்றாள்.