நம்பர் பிளேட்டை மறைக்க டிராக்கரா, கையால் கீஃபிரேமா?

தெருவில் எடுத்த 10 விநாடிக் காட்சி. ஒரு பைக் கேமராவை நோக்கி வருகிறது. நடுவில் ஒரு பஸ் குறுக்கே போகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 250; அதில் பிளேட் தெரியும் ஒரு ஃபிரேமையும் விடக்கூடாது.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் Color பக்கத்தில் பிளேட்டைச் சுற்றி Power Window என்ற கட்டத்தை வரைந்து, அசைவைத் தானே பின்தொடரும் டிராக்கரை ஓட்டினால், பைக் நெருங்க நெருங்கக் கட்டமும் பெரிதாகிக்கொண்டே வரும். நிமிட வேலைதான். ஆனால் பஸ் மறைத்ததும் டிராக்கர் பஸ்ஸின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு அதோடு போய்விடும். பஸ் விலகியதும் பிளேட் பளிச்சென்று தெரியும்.

டிராக்கரின் Frame முறையில், கட்டம் எந்த ஃபிரேமில் எங்கே நிற்கவேண்டும் என்று கையால் கீஃபிரேம் வைத்தால் இந்த ஏமாற்றம் இல்லை. ஐந்தாறு ஃபிரேமுக்கு ஒருமுறை கட்டத்தை நகர்த்தினால் நேராக வரும் வண்டிக்குப் போதும். சட்டென்று திரும்பும் முகத்தை மறைப்பதென்றால் இன்னும் நெருக்கமாக வைக்கவேண்டும்; அங்கேதான் பொறுமை போகும்.

நான் பஸ் வரும்வரை டிராக்கரை நம்புவேன். பஸ் உரசும் ஃபிரேம்களை மட்டும் கையால் செய்வேன். பஸ் முழுதாக விலகிய ஃபிரேமில் கட்டத்தைப் புதிதாகப் பொருத்தி, மறுபடி டிராக்கர். பிறகு அந்த இடத்தை ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பார்ப்பேன். ஓடவிட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பும் ஒரே ஃபிரேமை, வீடியோவை நிறுத்தி யாரும் படித்துவிடலாம்.