சிவப்பு எழுத்து ஏன் மங்குகிறது: 4:4:4, 4:2:0 ஓர் ஒப்பீடு

நிறப் பின்னணியின் மேல் எழுத்துகள் வரும் விளக்கப்படங்களை அடிக்கடி தயாரிப்பவன் என்ற முறையில், ஜேபெக் படங்களுக்கு, நிறத்தகவலைக் குறைக்காமல் சேமிக்கும் 4:4:4 முறையையே நான் நிலையாகத் தேர்ந்துகொண்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு வெளிப்படையானது. புகைப்படங்களுக்கு, நிறத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 போதும். அதில் விவாதிக்கப் பெரிதாக எதுவும் இல்லை.

ஜேபெக்கும் பெரும்பாலான வீடியோ வடிவங்களும் ஒவ்வொரு பிக்சலையும் ஓர் ஒளிர்வு மதிப்பாகவும் இரண்டு நிற மதிப்புகளாகவும் பிரித்துக்கொள்கின்றன. 4:4:4 முறையில் மூன்றும் எல்லாப் பிக்சல்களுக்கும் தனித்தனியாக இருக்கும். 4:2:0 முறையில் ஒளிர்வு மட்டுமே அப்படி இருக்கும். நிறத்தை இரண்டுக்கு இரண்டு என்ற நான்கு பிக்சல் கட்டம் பொதுவில் பகிர்ந்துகொள்ளும். நான்கு பிக்சல்களுக்குப் பன்னிரண்டு எண்கள் தேவைப்பட்ட இடத்தில் ஆறு போதுமானதாகிறது. நம் கண் நுணுக்கமான வடிவங்களை முதன்மையாக ஒளிர்வு வேறுபாட்டால் அறிவதால், இந்தச் சிக்கனம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிவப்பு எழுத்தில் அது தெரிந்துவிடுவதற்குக் காரணம் ஒளிர்வைக் கணக்கிடும் விதம். ஜேபெக் பின்பற்றும் சூத்திரம் இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

இதன்படி, 0 முதல் 255 வரையான அளவில் முழுச் சிவப்பின் ஒளிர்வு சுமார் 76, முழு நீலத்தின் ஒளிர்வு சுமார் 29. வெள்ளைமேல் கறுப்பு எழுத்துக்கு 255 அளவு வேறுபாடு கிடைக்கும்போது, நீலத்தின் மேல் சிவப்புக்குக் கிடைப்பது 47 மட்டுமே. எழுத்தின் விளிம்பை நமக்குக் காட்டுவது ஏறத்தாழ முழுவதும் நிறம்தான். 4:2:0 குறைப்பதும் அந்த நிறத்தைத்தான்.

ஒரு பிக்சல் அகலமுள்ள சிவப்புச் செங்குத்துக் கோடு நீலத்தின் மேல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கட்டத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். நிற மதிப்புகளைச் சராசரியாக்கி, மீண்டும் பிரித்துக் கணக்கிட்டால், சிவப்பாக இருந்த (255, 0, 0) சுமார் (151, 24, 151) என்றும், நீலமாக இருந்த (0, 0, 255) சுமார் (104, 0, 104) என்றும் ஆகிவிடுகின்றன. இரண்டுமே ஊதா, ஒன்று சற்று வெளிர், மற்றொன்று சற்று அடர். கோட்டில் சிவப்பும் இல்லை, அதன் அருகே நீலமும் இல்லை. இதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். ஜேபெக் தரத்தை 100-க்கு உயர்த்தினாலும், நிறம் குறைக்கப்பட்டிருக்கும் வரை இந்தச் சராசரி அப்படியே இருக்கும்.

குறை இதுதானா என்பதை அறிய, அதே படத்தில் வெள்ளைமேல் கறுப்பாக உள்ள எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது கூர்மையாகவும் சிவப்பு மட்டும் கலங்கியும் இருந்தால், நிறக் குறைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டுமே மங்கினால் அளவு மாற்றத்தையோ, மிகையான சுருக்கத்தையோ தேட வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் 4:4:4 முறையில் சேமிக்க இந்தக் கட்டளை போதும்:

```
magick in.png -sampling-factor 4:4:4 -quality 85 out.jpg
```

கோப்பு சற்றுப் பெரிதாகும். ஆனால் சுருக்கத்துக்குப் பின் நிறத்தகவல் பிடிக்கும் இடம் பொதுவாகக் குறைவு என்பதால், எண்களின் கணக்கைப் பார்த்து அஞ்சுவதுபோல் இரு மடங்காவது அரிது. ஏற்கெனவே 4:2:0 ஆகச் சேமித்த கோப்பை இப்படி மறுபடி சேமிப்பதால் பயனில்லை; மூலப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

4:2:2 இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது நிறத்தைக் கிடைவாக்கில் மட்டும் பாதியாக்குவதால், எழுத்தின் கிடைக்கோடுகள் பிழைத்துச் செங்குத்துக் கோடுகள் மங்கும். நான் அதை மிகக் குறைவாகவே கையாண்டிருப்பதால், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வீடியோவில் மட்டும் என் தேர்வு தலைகீழாகிறது. எச்.264 வீடியோ வடிவத்தில் 4:4:4, புரொஃபைல் எனப்படும் தனி அம்சத் தொகுப்பு ஒன்றைச் சார்ந்திருப்பதால், தொலைபேசிகளிலும் தொலைக்காட்சிகளிலும் உள்ள வன்பொருள் டிகோடர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஓடாத வீடியோவால் பயனில்லை என்பதால், பதிவையும் தொகுப்பையும் 4:4:4-இல் செய்துவிட்டு 4:2:0 ஆக வெளியிடுகிறேன். அப்போது எழுத்தின் நிறத்தை மாற்றுவதே உறுதியான வழி: அதே நீலத்தின் மேல் மஞ்சள் எழுத்தின் ஒளிர்வு, மேலே சொன்ன ஜேபெக் சூத்திரப்படி, சுமார் 226 என்பதால், விளிம்பில் நிறம் சற்றுக் கசிந்தாலும் வடிவம் தெளிவாக நிற்கும். சிவப்பு கட்டாயம் என்றால், 3840×2160 அளவில் உருவாக்கி வெளியிடலாம். அதன் நிறத்தளம் 1920×1080 ஆக இருப்பதால், 1080 வரித் திரையில் சுருக்கிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் கிடைத்துவிடும். முழு 4கே திரையில் பார்ப்பவருக்கு, எழுத்தின் கோடுகளையும் இரு மடங்கு தடிப்பாக வைத்திருந்தால்தான் இந்த ஆதாயம் கிட்டும்.